குத்தகையைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று எழுதும் கடிதம்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கல்லடியில் உள்ள என் வீட்டை ஒரு குடும்பத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறேன். நொத்தாரிசு முன் எழுதிய இரண்டு வருட உடன்படிக்கை 2026 நவம்பர் 30இல் முடிகிறது. மாத வாடகை 40,000 ரூபா, அதை நேரே என் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். முற்பணம் 3 இலட்சம். மகளுக்குத் தையில் கலியாணம். வீடு அவளுக்குச் சீதனம், போன வருடமே என் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு உறுதி முடித்துவிட்டேன். குடியிருப்பவர் நல்ல மனிதர், இரண்டு பிள்ளைகள் படிக்கின்றன. ஆனால் வாய்ப்பேச்சில், “இன்னும் ஒரு வருடம் இருப்பம் டீச்சர்” என்கிறார். என் தம்பி ஒரு கடிதம் எழுதித் தந்தான்: “உமது குத்தகையை இத்தால் ரத்துச் செய்கிறேன். மகளின் கலியாணத்துக்கு வீடு தேவை. ஒரு வாரத்துக்குள் பதில் தராவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும்.” இதை அனுப்பலாமா? உடன்படிக்கையின் 4ஆம், 9ஆம், 11ஆம் வாசகங்களைப் படம் பிடித்து, உறுதிப் பிரதியோடு அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

தம்பியின் கடிதத்தை அனுப்ப வேண்டாம். அவர் கோபத்தில் எழுதியிருக்கிறார் என்பதல்ல காரணம். அதிலுள்ள மூன்று வசனங்களும் மூன்று விதமாக உங்கள் கையைக் கட்டிவிடும்.

முதல் வசனத்தைப் பாருங்கள். “ரத்துச் செய்கிறேன்” என்பது நடுவில் முறிப்பவர் சொல்லும் சொல். வாடகை தராதது, வீட்டைச் சேதப்படுத்தியது, மற்றவருக்கு உள்வாடகைக்குக் கொடுத்தது போன்ற ஏதாவது ஒரு மீறல் இருந்தால்தான் தவணை முடியுமுன் ரத்துச் செய்ய முடியும், அதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் ரத்துச் செய்ய ஒன்றுமே இல்லை. குத்தகை நவம்பர் 30ஆம் திகதி தானாக முடிகிறது. காலம் குறித்த குத்தகை அந்தக் காலம் கழிந்ததும் முடியும் என்பதுதான் நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கும் ரோம-ஒல்லாந்துச் சட்டத்தின் நிலை. நீங்கள் எதையும் முறிக்கவில்லை, முடிகிற ஒன்றைத் திரும்பத் தொடங்க மறுக்கிறீர்கள். வழக்கு என்று வந்தால் இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். ரத்துச் செய்தேன் என்று எழுதினால், “ஏன், நான் என்ன பிழை செய்தேன்?” என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். நேரம் முடிந்தது என்று எழுதினால் அவர் பார்க்க வேண்டியது நாட்காட்டியை மட்டும்தான்.

தானாக முடியுமென்றால் கடிதம் எதற்கு? உங்கள் 9ஆம் வாசகத்துக்காக. புதுப்பிக்க விருப்பமில்லாத தரப்பு, தவணை முடிய “குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்” எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சட்டம் கேட்காத ஒன்றை நீங்களே உடன்படிக்கையில் கேட்டு வைத்திருக்கிறீர்கள், ஆகவே அதைச் செய்தே ஆக வேண்டும். நவம்பர் 30இல் இருந்து இரண்டு முழு மாதங்களைப் பின்னால் எண்ணினால் செப்டம்பர் 30 வருகிறது. அன்று நீங்கள் தபாலில் போட்டால் போதாது, அன்றைக்குள் அவர் கையில் கிடைத்திருக்க வேண்டும். நான் எழுதுகிறேன் என்றால் செப்டம்பர் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுவேன். மிச்சமிருக்கும் மூன்று வாரமும் தபால் திரும்பி வந்தால் இன்னொரு முறை கொடுப்பதற்கு.

அதே வாசகத்தின் அடுத்த பாதியையும் கவனித்தேன்: “இரு தரப்பினரும் விரும்பின், உடன்பட்ட நிபந்தனைகளின் பேரில் புதுப்பித்துக்கொள்ளலாம்.” இதில் “இரு தரப்பினரும்” என்ற சொற்கள் உங்களுக்குச் சாதகம். சில உடன்படிக்கைகளில் “குடியிருப்பவர் விரும்பின் இன்னும் ஒரு வருடம் நீடிக்கலாம்” என்று எழுதிவிடுவார்கள். அது அவருக்குக் கொடுத்த உரிமை, அவர் நேரத்துக்குக் கேட்டுவிட்டால் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. உங்களுடையது அப்படியில்லை. அவர் வாயால் கேட்டார், நீங்கள் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒன்று: அவர் இப்படிக் கேட்கும்போது “பாப்பம், பாப்பம்” என்று சொல்லும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இனிச் சொல்லாதீர்கள். மரியாதைக்காகச் சொல்கிற வார்த்தைதான், ஆனாலும் நாளைக்கு “டீச்சர் அரை மனதாகச் சம்மதித்தவ” என்று திரும்பி வரும்.

இனி யார் கையெழுத்து வைப்பது என்ற விஷயம். உங்கள் கேள்வியில் நான் முதலில் நின்ற இடம் இதுதான். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குப் போவது வழமை, கலியாணத்துக்கு முன்பே உறுதியை முடித்துவிடுவதும் வழமை. அதனால் குத்தகைக்குக் கொடுத்தவர் ஒருவர், உறுதியில் பெயர் உள்ளவர் இன்னொருவர் என்ற நிலை இங்கே அடிக்கடி வருகிறது. சீவிய உரித்து வைக்காமல் முழுதாக எழுதிக் கொடுத்திருந்தால், வாடகைக்கு இருப்பவருக்கு மகள்தான் புதிய வீட்டுக்காரி ஆகியிருப்பார். கடிதமும் அவர் பெயரில் போக வேண்டியிருக்கும். நீங்கள் சீவிய உரித்தை வைத்திருக்கிறீர்கள். அதாவது உங்கள் ஆயுள் வரைக்கும் வீட்டை அனுபவிப்பதும் வாடகை வாங்குவதும் உங்கள் உரிமை. உடன்படிக்கையில் குத்தகைக்குக் கொடுத்தவராக உங்கள் பெயர்தான் இருக்கிறது. ஆகவே கையெழுத்து உங்களுடையது மட்டும். மகளும் வேண்டாம், தம்பியும் வேண்டாம். “குடும்பத்தின் சார்பில்” என்று தம்பி வைக்கிற கையெழுத்துக்கு, அற்றோர்னித் தத்துவம் இல்லாமல், ஒரு பெறுமதியும் இல்லை. இன்னொன்று, உறுதி மாறியதைக் காரணம் காட்டி “வீடு இப்ப உங்கட இல்லையே” என்று அவர் வாதிட வந்தாலும் அது எடுபடாது, சீவிய உரித்து உங்களிடம்தான் இருக்கிறது. உங்களிடம் இருந்து வீட்டைக் குத்தகைக்கு எடுத்துக் குடியிருக்கும் ஒருவர், குத்தகை தொடங்கியபோதே உங்களுக்கு உரித்து இருக்கவில்லை என்று மறுக்கவும் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை.

கடிதத்தை இப்படி எழுதுங்கள். திகதி, இரு தரப்பின் முழுப் பெயர், முகவரி எல்லாம் உடன்படிக்கையில் உள்ளபடியே மேலே வரட்டும்.

“ஐயா,

கல்லடி, ........ வீதி, ........ ஆம் இலக்க வீடு தொடர்பாக.

மேற்படி வீட்டை, ........ ஆம் இலக்கமும் ........ ஆம் திகதியும் கொண்ட, நொத்தாரிசு ........ அவர்களால் அத்தாட்சிப்படுத்தப்பட்ட குத்தகை உடன்படிக்கையின்படி 2024 டிசம்பர் 1 முதல் 2026 நவம்பர் 30 வரையான இரண்டு வருட காலத்துக்கு உங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தேன்.

அக்குத்தகைக் காலம் 2026 நவம்பர் 30ஆம் திகதியுடன் முடிவடைகிறது. அதனைப் புதுப்பிக்கவோ நீடிக்கவோ எனக்கு விருப்பமில்லை என்பதை உடன்படிக்கையின் 9ஆம் வாசகத்தின்படி இத்தால் அறியத் தருகிறேன்.

ஆகவே அன்றைய தினம் பிற்பகல் 5 மணிக்கு முன்னர் வீட்டைக் காலி செய்து, அதன் வெற்று உடைமையையும் சகல திறப்புகளையும் என்னிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செப்டம்பர், ஒக்டோபர், நவம்பர் மாத வாடகைகளை வழமை போல் செலுத்த வேண்டும். முற்பணம் வாடகைக்காகக் கழிக்கப்பட மாட்டாது. வீட்டை ஒப்படைத்த பின் 4ஆம் வாசகத்தின்படி கணக்குப் பார்த்துத் திருப்பித் தரப்படும்.

2026 நவம்பர் 30இன் பின் நீங்கள் எனது கணக்கில் வைப்பிலிடும் எந்தப் பணமும் வாடகையாக ஏற்கப்பட மாட்டாது. அது 11ஆம் வாசகத்தின் கீழான நட்டஈட்டுக்காக, எனது உரிமைகளுக்குப் பாதகமின்றி வரவு வைக்கப்படும். அதனால் புதிய குத்தகை எதுவும் ஏற்படாது.

இங்ஙனம்,”

அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். கலியாணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தம்பியின் இரண்டாவது வசனத்தை நான் வேண்டுமென்றே விட்டேன். காலம் முடிந்த குத்தகையைப் புதுப்பிக்காமல் விட உங்களுக்குக் காரணமே தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் காரணத்தை எழுதினால் அந்தக் காரணம்தான் விவாதமாகும். கலியாணம் பங்குனிக்குத் தள்ளிப் போனால்? மகள் மாப்பிள்ளையோடு கொழும்பில் குடியேறினால்? “அப்ப வீடு உங்களுக்குத் தேவையில்லைத்தானே” என்று வரும். வாயால் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அன்று அவர் மனைவியிடம் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே மகளின் கலியாணத்தைச் சொல்லி, அழைப்பும் வையுங்கள். கடதாசியில் மட்டும் வேண்டாம்.

இந்த “காரணம் தேவையில்லை” என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்தும் பழைய கட்டடங்களில், குத்தகைக் காலம் முடிந்தாலும் அந்தச் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டாமல் குடியிருப்பவரை எழுப்ப முடியாது. புளியந்தீவுக்குள்ளே பழைய கடை, பழைய வீடு வைத்திருப்பவர்கள் இந்தக் கடிதத்தை அப்படியே பார்த்து எழுதக் கூடாது, முதலில் ஒரு சட்டத்தரணியைக் காண வேண்டும். உங்கள் வீடு சுனாமிக்குப் பிறகு, 2006இல் கட்டியது என்று உறுதிப் பிரதியில் பார்த்தேன். 1980 சனவரி 1இன் பின் கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு வீடுகளை 1980ஆம் ஆண்டின் திருத்தம் அந்தச் சட்டத்துக்கு வெளியே எடுத்துவிட்டது. உங்களுக்கு அந்தத் தலையிடி இல்லை.

கடிதத்தின் கடைசிப் பந்திக்கு வருகிறேன். மற்றதெல்லாம் கொஞ்சம் பிசகினாலும் சமாளிக்கலாம், இது பிசகினால் சமாளிப்பது கஷ்டம்.

சில வருடங்களுக்கு முன் கல்முனைப் பக்கத்தில் இருந்து ஒருவர் என்னிடம் வந்தார். உங்களைப் போலவே நொத்தாரிசு முன் எழுதிய உடன்படிக்கை, உங்களைப் போலவே நல்ல குடியிருப்பாளர். தவணை முடிவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே சரியான கடிதம் கொடுத்திருந்தார். தவணை முடிந்தது, அவர்கள் எழும்பவில்லை. “இன்னும் வீடு கிடைக்கல்ல” என்றார்கள். இவரும் பொறுத்தார். அடுத்த மாதம் முதலாம் திகதி வழமையான வாடகை வந்தது, வாங்கி, ரசீதுப் புத்தகத்தில் “வாடகை” என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. நான்காம் மாதம் பொறுமை போய் என்னிடம் வந்தபோது, அந்த நல்ல கடிதம் பெரும்பாலும் செத்துவிட்டது. தவணை முடிந்த பிறகும் குடியிருப்பவர் தங்கியிருந்து, வீட்டுக்காரரும் அதை ஏற்று வாடகை வாங்கினால், இரண்டு பேரும் பேசாமலேயே புதிய குத்தகை ஒன்றுக்கு உடன்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளலாம். எழுதிய பழைய இரண்டு வருடம் திரும்பி வராது. மாதாந்த வாடகை உறவு ஒன்று உருவாகும். அதை முடிக்க ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் புதிதாகக் கொடுக்க வேண்டும். அந்த மாதமும் மாதக் கடைசியில்தான் முடிய வேண்டும். 10ஆம் திகதி கொடுத்து அடுத்த மாதம் 10ஆம் திகதி எழும்பு என்றால் செல்லாது. அவருக்கு நாங்கள் திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டி வந்தது.

உங்கள் ஆபத்து இதைவிட நுணுக்கமானது, ஏனென்றால் நீங்கள் ரசீது எழுதுவதில்லை. அவர் வாடகையை நேரே உங்கள் வங்கிக் கணக்கில் போடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். மாதா மாதம் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வைத்திருந்தால், டிசம்பர் 1ஆம் திகதி நீங்கள் நித்திரையில் இருக்கும்போதே 40,000 ரூபா வந்து விழும். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பணம் உங்கள் கணக்கில் இருக்கிறது. இதற்காகத்தான் அந்தப் பந்தியை எழுதினேன். ஆனாலும் அந்த ஒரு பந்தியை நம்பி இருந்துவிட வேண்டாம். அவர் எழும்பாமல் டிசம்பரில் பணமும் போட்டால், அதே வாரத்தில் இரண்டே வரியில் இன்னொரு கடிதம் அனுப்புங்கள்: இன்ன திகதி வந்த 40,000 ரூபாவை வாடகையாக ஏற்கவில்லை, செப்டம்பர் கடிதத்தின்படி நட்டஈட்டுக்கு வரவு வைத்திருக்கிறேன் என்று. வாட்ஸ்அப்பில் “கிடைத்தது, நன்றி” என்று போட்டுவிடாதீர்கள். ஆசிரியைகளுக்கு இந்த நன்றி சொல்லும் பழக்கம் விடாது, அதனால் சொல்கிறேன்.

உங்கள் 11ஆம் வாசகம், காலம் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 3,000 ரூபா நட்டஈடு என்கிறது. முப்பது நாளுக்கு 90,000, வாடகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதைக் கடிதத்தில் பெரிதாக எழுதிப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் வெறுமனே வாசக இலக்கத்தைக் குறிப்பிட்டேன். அவரிடம் ஒரு பிரதி இருக்கிறது, எடுத்துப் பார்ப்பார்.

முற்பணப் பந்தி ஏன் என்றால், கடிதம் கிடைத்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: “முற்பணம் மூன்று இலட்சம் இருக்குத்தானே, கடைசி மாதங்களை அதில கழிச்சுக்கொள்ளுங்க.” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று மாத வாடகை 120,000 கழிந்தால் உங்கள் கையில் மிஞ்சுவது 180,000. உடைந்த கதவு, கட்டாத மின்சாரப் பில், எழும்பாமல் இழுத்த நாட்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் ஈடு. உங்கள் 4ஆம் வாசகமும் முற்பணத்தை வாடகைக்குக் கழிக்க இடம் கொடுக்கவில்லை. அவருடைய பயமும் நியாயமானதே, அதை மறுக்க மாட்டேன். முற்பணத்தை எப்போதோ செலவழித்துவிட்டு, குடியிருப்பவர் எழும்பும் நாளில் “பிறகு தாறன்” என்று சொல்லும் வீட்டுக்காரர்களை நான் கண்டிருக்கிறேன். கலியாணச் செலவில் அந்த மூன்று இலட்சம் கரைந்துவிட்டது என்றால் இப்போதே சேர்த்து வையுங்கள். திறப்பைத் தரும்போது பணம் கையில் கிடைக்கும் என்று நம்பும் ஆள் நேரத்துக்கு எழும்புவார்.

கடிதத்தைக் கொடுக்கும் விதம்: மூன்று பிரதி எடுங்கள். ஒன்றைப் பதிவுத் தபாலில், வாடகை வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டை உங்கள் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். இன்னொன்றை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் “கிடைத்தது” என்று திகதியுடன் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து வைக்க மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், பதிவுத் தபால் இருக்கிறது. தபால் “பெறுநர் மறுத்தார்” என்று திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள். பிரிக்காத உறைதான் சாட்சி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் பிரித்துவிட்டுப் பிறகு பசை போட்டு ஒட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

இனி மழையைப் பற்றிப் பேச வேண்டும். நவம்பர் 30 என்றால் நம் பக்கத்தில் மாரி உச்சத்தில் நிற்கும் நேரம். கட்டில், அலுமாரியை ஏற்றிக்கொண்டு லொறி போகிற காலமல்ல. வாவிக்கரைப் பக்கம் வெள்ளமும் வந்துவிட்டால், அவர் “மழை விடட்டும் டீச்சர்” என்று கேட்பது நிச்சயம். அதில் உண்மையும் இருக்கும். நீங்களும் இரக்கப்படுவீர்கள். இரங்குங்கள், ஆனால் எழுத்தில் இரங்குங்கள்.

டிசம்பர் 31 வரை, அதற்கு ஒரு நாளும் மேலில்லாமல், இரண்டு பேரும் கையெழுத்து வைக்கும் ஒரு தாள் எழுதலாம். குத்தகை நவம்பர் 30இல் முடிந்துவிட்டது என்பதை அவர் அதில் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டைக் காலி செய்வதற்காக மட்டும் டிசம்பர் 31 வரை இருக்க அனுமதிக்கிறீர்கள், அந்தக் காலத்துக்கு 40,000 ரூபாவை வாடகையாக அல்லாமல் பாவனைக்கான நட்டஈடாகப் பெறுகிறீர்கள், 11ஆம் வாசகத்தின் நாளாந்தத் தொகையை சனவரி 1 முதல்தான் கேட்பீர்கள் என்று எழுதுங்கள். ஏன் ஒரு மாதத்தோடு நிறுத்தச் சொல்கிறேன் என்றால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன் எழுதப்பட வேண்டும் என்கிறது. ஒரு மாதத்துக்குள் நின்றால் உங்கள் வீட்டு மேசையில் எழுதிய தாளே போதும். ஆனால் தைக் கலியாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும், மாரியில் வெள்ளை அடித்தால் காயாது. ஆகவே அந்த ஒரு மாதத்தைக் கொடுப்பதா இல்லையா என்பதை இப்போதே மனதில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் மட்டும் அதைப் பற்றி மூச்சும் விட வேண்டாம். எழுதினால் அவர் முதல் நாளிலிருந்தே டிசம்பர் 31ஐத்தான் கடைசித் திகதி என்று எண்ணுவார்.

தம்பியின் மூன்றாவது வசனம் மிச்சமிருக்கிறது. மின்சாரத்தை வெட்டுவது, தண்ணீரை அடைப்பது, அவர்கள் ஊருக்குப் போன நேரம் பூட்டை மாற்றுவது, இவற்றில் ஒன்றையும் செய்யக் கூடாது. செய்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். காலம் கடந்து இருப்பவர் என்றாலும் வீடு அவர் உடைமையில் இருக்கிறது. நீங்கள் பூட்டை மாற்றினால் அவர் நேரே பொலிசுக்குப் போவார். சமாதானம் குலையலாம் என்று அவர்கள் நீதவான் நீதிமன்றத்தில் அறிக்கை இடுவார்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் கீழ் நீதவான் அப்போது கேட்பது வீடு யாருடையது என்பதையல்ல. அறிக்கை தாக்கல் செய்வதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலாத்காரமாக வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான். அப்படி என்றால் அவரைத் திரும்ப உள்ளே இருத்தும்படி கட்டளை வரும். நீங்கள் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்க, அவர் நீதிமன்றக் கட்டளையோடு உள்ளே இருப்பார். அதற்குப் பிறகு அவரை எழுப்புவது இன்னும் நீளம். பொலிசுக்குப் போய் “எழுப்பித் தாங்க” என்று கேட்பதிலும் பிரயோசனமில்லை. இது குடியியல் விஷயம், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் யாரையும் வீட்டில் இருந்து எழுப்ப அவர்களுக்கு அதிகாரமில்லை.

எழும்பாவிட்டால் சரியான இடம் மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றம். குத்தகைக்குக் கொடுத்த கட்டடத்தின் உடைமையை விரைவாக மீட்பதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சாதாரண வழக்குப் போல வருடக்கணக்கில் இழுக்காமல் சுருக்கமான நடைமுறை ஒன்றை அது தருகிறது. அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியவை நொத்தாரிசு எழுதிய உடன்படிக்கை, செப்டம்பர் கடிதம், தபால் பற்றுச்சீட்டு, நவம்பர் 30இன் பின் வாடகை வாங்கவில்லை என்று காட்டும் வங்கிக் கூற்று. வழக்குக்கு முன் அனுப்ப வேண்டிய சட்டத்தரணியின் அறிவித்தல் வேறு. உங்கள் கடிதம் அதற்குப் பதிலாகாது, அதற்கு அடித்தளம். அந்தக் கட்டம் வந்தால் டிசம்பர் முதல் வாரத்திலேயே வாருங்கள், பொங்கல் வரை பொறுக்க வேண்டாம்.

எழும்பினார் என்றால், அப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன், அன்று பகல் வெளிச்சத்தில் இரண்டு பேருமாக வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மின்சார மானி, தண்ணி மானி இரண்டின் வாசிப்பையும் எழுதிக் கைப்பேசியில் படமும் எடுங்கள். கரண்ட் பில் உங்கள் பெயரில்தான் வருகிறது என்பதால் கடைசிப் பில் அவர் போன பிறகுதான் வரும். போன மூன்று பில்லின் சராசரியை வைத்து ஒரு தொகையை முற்பணத்தில் நிறுத்தி, மிச்சத்தை அன்றே கொடுத்துவிட்டு, பில் வந்ததும் கணக்கை முடிக்கலாம். சுவரில் ஆணி அடித்த ஓட்டை, மங்கிய பெயின்ற் இவையெல்லாம் இரண்டு வருடம் மனிதர் இருந்த அடையாளம், அதற்குக் காசு பிடிக்க வேண்டாம். உடைந்த கதவு, பெயர்த்தெடுத்த மின்விசிறி என்றால் பிடிக்கலாம். எல்லாத் திறப்பையும் எண்ணி வாங்குங்கள், பின் கேற்றின் திறப்பும் தண்ணி மோட்டர் அறையின் திறப்பும் எப்போதும் மறக்கப்படும். “வெற்று உடைமை ஒப்படைக்கப்பட்டது” என்று திகதியோடு ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்த பிறகே முற்பணத்தை எண்ணிக் கொடுங்கள்.